தளம் புதிய சர்வருக்குப் போன பிறகும் சிலருக்குப் பழையதே தெரிந்தால்: டிடிஎல் கணக்கு வழியே பிழை தேடுவது

இணையதளத்தை வேறு சர்வருக்கு நகர்த்தி, டிஎன்எஸ்ஸில் ஐபி முகவரியையும் மாற்றிவிட்டால், அதன் பிறகு கொஞ்ச நேரம் ஒரே பெயரில் இரண்டு தளங்கள் இயங்கிக்கொண்டிருக்கும். யாருக்கு எது தெரியும் என்பது உங்கள் கையில் இல்லை. அந்தப் பார்வையாளருக்காக விசாரிக்கும் ரிசால்வர் உங்கள் பெயரைக் கடைசியாக எப்போது விசாரித்தது என்பதைப் பொறுத்தது அது.

உங்கள் டிஎன்எஸ் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வர், மாற்றத்தை எந்த ரிசால்வருக்கும் அனுப்பிவைப்பதில்லை. ஒரு ரிசால்வர் வந்து கேட்கும்போது பதிலைக் கொடுத்து, கூடவே "இதை இத்தனை வினாடி வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு எண்ணையும் கொடுக்கிறது. அந்த எண்தான் டிடிஎல். 86400 என்றால் ஒரு நாள். 3600 என்றால் ஒரு மணி நேரம். 300 என்றால் ஐந்து நிமிடம். அந்த நேரம் தீரும்வரை ரிசால்வர் உங்களிடம் திரும்ப வராது, தன் கேஷில் இருப்பதையே எல்லோருக்கும் கொடுக்கும். ஆகவே மாற்றம் நடக்கும் நாளில் கணக்கில் வருவது இப்போது நீங்கள் எழுதியிருக்கும் டிடிஎல் அல்ல; ஏற்கெனவே மற்றவர்களின் கேஷில் போய் உட்கார்ந்திருக்கும் டிடிஎல். கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு `www.example.com` என்ற தளம். பழைய சர்வர் `192.0.2.10`, புதியது `203.0.113.20`. இரண்டு சர்வரிலும் முதலில் ஒரு சின்ன வேலை செய்துவிடுங்கள்: `which.txt` என்று ஒரு கோப்பு வைத்து, ஒன்றில் `old` என்றும் மற்றதில் `new` என்றும் எழுதுங்கள். புகார் சொல்பவரிடம் அந்த முகவரியைத் திறக்கச் சொன்னால், அவர் எந்தச் சர்வரில் இருக்கிறார் என்பது ஒரு சொல்லில் தெரிந்துவிடும். பக்கத்தின் தோற்றத்தை வைத்து ஊகிப்பது எப்போதும் குழப்பத்தில்தான் முடியும், ஏனென்றால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

அறிகுறி: டிடிஎல்லை 300 ஆகக் குறைத்தேன், ஆனாலும் பல மணி நேரமாகச் சிலருக்குப் பழைய தளம்

அதிகம் வரும் புகார் இதுதான். பெரும்பாலும் டிடிஎல்லைக் குறைத்தது சரி, குறைத்த நேரம்தான் தவறு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பழைய டிடிஎல் 86400. சனிக்கிழமை இரவு 10 மணிக்கு அதை 300 ஆக்குகிறீர்கள். ஞாயிறு அதிகாலை 1 மணிக்கு ஐபியை மாற்றுகிறீர்கள். மூன்று மணி நேர இடைவெளி இருக்கிறதே, ஐந்து நிமிடத்தில் எல்லோரும் புதிய சர்வருக்கு வந்துவிடுவார்கள் என்று தோன்றும். ஆனால் சனி இரவு 9.54-க்கு ஒரு ரிசால்வர் உங்கள் பெயரை விசாரித்திருக்கலாம். அப்போது அதற்குக் கிடைத்தது பழைய ஐபி, 86400 வினாடி. பத்து மணிக்கு நீங்கள் செய்த மாற்றம் அதற்குத் தெரியவே தெரியாது. ஞாயிறு இரவு 9.54 வரை அது பழைய ஐபியைத்தான் கொடுக்கும். அதாவது ஐபியை மாற்றிய பிறகும் ஏறத்தாழ 21 மணி நேரம்.

இதை உறுதிசெய்ய, புகார் சொல்பவரின் இணைப்பிலிருந்தே அவருடைய ரிசால்வரைக் கேட்க வேண்டும். அவருடைய ரிசால்வர் `198.51.100.53` என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு அதிகாலை 4.52-க்கு, டிஎன்எஸ்ஸை விசாரிக்கும் `dig` கட்டளையால் அவர் கேட்கிறார்:

```
dig @198.51.100.53 www.example.com A +noall +answer
www.example.com.  61342  IN  A  192.0.2.10
```

நடுவில் இருக்கும் 61342 என்பது மீதமிருக்கும் வினாடிகள். 17 மணி 2 நிமிடம் சொச்சம். இவருக்கு எப்போது புதிய தளம் தெரியும் என்ற கேள்விக்கு இதுவே பதில்: ஞாயிறு இரவு 9.54. பின்னோக்கியும் கணக்கிடலாம். 86400-லிருந்து 61342-ஐக் கழித்தால் 25058 வினாடி, அதாவது 6 மணி 57 நிமிடத்துக்கு முன்பு இந்தப் பதில் கேஷில் ஏறியிருக்கிறது. டிடிஎல்லைக் குறைப்பதற்குச் சில நிமிடம் முன்பு. காரணம் கையும் களவுமாகப் பிடிபட்டது.

விதி எளியது: டிடிஎல்லைக் குறைத்த பிறகு, பழைய டிடிஎல் அளவு நேரம் முழுதாகக் கழிந்த பின்புதான் ஐபியை மாற்ற வேண்டும். 86400 என்றால் 24 மணி நேரம். 14400 என்றால் 4 மணி நேரம். இந்த நேரத்தை நீங்கள் பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து எண்ணக் கூடாது. உங்கள் நேம்சர்வர்கள் எல்லாமே புதிய டிடிஎல்லைக் கொடுக்கத் தொடங்கிய பிறகு எண்ண வேண்டும். இரண்டாம் நேம்சர்வர் பழைய பிரதியோடு பின்தங்கி நின்றால், அது இன்னும் 86400-ஐயே வினியோகித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நேம்சர்வரையும் தனித்தனியாகக் கேளுங்கள்:

```
dig @ns1.example.net www.example.com A +norecurse +noall +answer
dig @ns2.example.net www.example.com A +norecurse +noall +answer
```

இங்கே வரும் எண் ரிசால்வரில் வருவதுபோல இறங்கிக்கொண்டே போகாது. மூல நேம்சர்வர் எப்போது கேட்டாலும் முழு டிடிஎல்லையே சொல்லும். மீண்டும் மீண்டும் கேட்டும் 300 மாறாமல் நின்றால் நீங்கள் மூலத்தைத்தான் கேட்கிறீர்கள். 300, 287, 271 என்று இறங்கினால் நடுவில் ஏதோ கேஷ் இருக்கிறது.

தாமதமாகிவிட்டது, ஐபியையும் மாற்றியாகிவிட்டது என்றால், கேஷில் இருப்பதை வெளியிலிருந்து குறைக்க வழியில்லை. பெரிய பொது ரிசால்வர்கள் சிலவற்றில் ஒரு பெயரின் கேஷை அழிக்கத் தனிப் பக்கம் உண்டு, அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அது அந்த ரிசால்வரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்காகப் பழைய சர்வரை உயிரோடு வைத்திருப்பதுதான் ஒரே வழி. அதைப் பிறகு பார்ப்போம்.

டிடிஎல்லை 300-க்கும் கீழே கொண்டுபோவதால் பெரிய லாபம் இல்லை. சில ரிசால்வர்கள் மிகக் குறைந்த எண்ணைத் தங்கள் குறைந்தபட்ச அளவுக்கு உயர்த்திக்கொள்ளும். மேலும் உங்கள் நேம்சர்வர் சிறிது நேரம் தடுமாறினால், கேஷில் எதுவும் மிஞ்சாமல் தளமே காணாமல் போகும்.

அறிகுறி: ஒரே ஆளுக்கு ஒரு முறை பழையது, மறுமுறை புதியது

இதற்குக் காரணங்கள் பல. வழக்கமாக அகப்படும் வரிசையில் தேடுவது நல்லது.

முதலில் `AAAA`. தளத்துக்கு ஐபிவி6 முகவரியும் இருந்து, நீங்கள் `A` ரெக்கார்டை மட்டும் மாற்றியிருந்தால், ஐபிவி6 உள்ள இணைப்பில் வருகிறவர்கள் எத்தனை நாள் ஆனாலும் பழைய சர்வருக்குத்தான் போவார்கள். இது டிடிஎல் தீர்ந்து சரியாகும் சிக்கல் அல்ல. செல்பேசி இணைப்பில் பழையது, வீட்டு வைஃபையில் புதியது என்று யாராவது சொன்னால் முதல் சந்தேகம் இதன் மேல் இருக்கட்டும். `dig www.example.com AAAA +short` என்று கேளுங்கள். புதிய சர்வரில் ஐபிவி6 இல்லை என்றால், அந்த ரெக்கார்டை நீக்கிவிட வேண்டும். அதற்கும் அதன் சொந்த டிடிஎல் உண்டு, ஆகவே `A`-வைக் குறைக்கும்போதே அதையும் குறைத்திருக்க வேண்டும்.

அடுத்து `www` உள்ள பெயரும் இல்லாத பெயரும். இரண்டும் தனித்தனி ரெக்கார்டுகள், தனித்தனி டிடிஎல். `www` என்பது `CNAME` மூலம் வேறொரு பெயருக்குப் போகிறது என்றால், அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனி டிடிஎல். ஒன்றைக் குறைத்து மற்றதை விட்டுவிட்டால், குறைத்ததற்குப் பலன் இல்லை. புகார் சொல்பவர் முகவரிப் பட்டையில் சரியாக எதை அடித்தார் என்று கேட்காமல் இந்தச் சிக்கலைக் கண்டுபிடிக்க முடியாது.

இவை இரண்டும் சரியாக இருந்தும் பதில் மாறி மாறி வருகிறது என்றால், ரிசால்வரே பலவாக இருக்கலாம். கூகுளின் பொது ரிசால்வரான `8.8.8.8` என்பது ஒரே இயந்திரம் அல்ல. பின்னால் பல இயந்திரங்கள், பல கேஷ்கள். அடுத்தடுத்து `dig` அடித்தால் 212, பிறகு 95, பிறகு 300 என்று டிடிஎல் முன்னும் பின்னும் தாவுவதைப் பார்க்கலாம். ஒவ்வொரு கேள்வியும் வெவ்வேறு கேஷில் விழுகிறது. ஒன்று பழைய ஐபியையும் இன்னொன்று புதிய ஐபியையும் வைத்திருக்கும். இதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, காத்திருந்தால் போதும். வெளிநாட்டு ஊர்களின் வரைபடத்தில் பச்சைக் குறி காட்டும் சோதனைத் தளங்களையும் இதே கண்ணோடு பாருங்கள்: ஒரு ஊருக்கு ஒரு ரிசால்வரைத்தான் அவை கேட்கின்றன, உங்கள் பார்வையாளர் பயன்படுத்துவது அதுவாக இருக்க வேண்டியதில்லை.

அறிகுறி: `dig` புதிய ஐபியைச் சொல்கிறது, பிரவுசரில் மட்டும் பழையது

`dig` நேராக ரிசால்வரிடம் கேட்கிறது. பிரவுசர் வேறு வழியாகப் போகலாம். தளத்தை முன்கூட்டிச் சோதிக்க யாரோ `hosts` கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டு மறந்திருப்பதே இங்கே முதல் காரணம், அதுவும் குறிப்பாக நகர்த்தும் வேலையைச் செய்த குழுவின் கணினிகளில். அடுத்து இயங்குதளத்தின் கேஷ். விண்டோஸில் `ipconfig /displaydns` என்று கொடுத்தால் என்ன வைத்திருக்கிறது, இன்னும் எத்தனை வினாடி என்று தெரியும்; `ipconfig /flushdns` அதை அழிக்கும். பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் வசதி இயங்கினால், அது கணினியின் ரிசால்வரை விட்டு வேறொன்றைக் கேட்கும். பழைய சர்வரோடு ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு இருந்தால், பிரவுசர் பெயரை மறுபடி விசாரிக்காமல் அதிலேயே தொடரும். பிரவுசரை முழுதாக மூடித் திறந்தால் தீரும்.

`hosts` கோப்பைத் தொடாமலே புதிய சர்வரைச் சோதிக்கலாம்:

```
curl -I --resolve www.example.com:443:203.0.113.20 https://www.example.com/
```

பெயர் அதேதான், சான்றிதழ் சோதனையும் அதேதான், டிஎன்எஸ் மட்டும் தவிர்க்கப்படுகிறது. ஐபியை மாற்றுவதற்கு முன்பே இதை ஓட்டிப் பார்ப்பது அவசியம். சான்றிதழ் பிழை வந்தால், மாற்றிய கணமே புதிய சர்வருக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சிவப்பு எச்சரிக்கைதான். புதிய சர்வரில் இலவசச் சான்றிதழைத் தானாக எடுக்கும் நிரல் பெரும்பாலும், அந்தப் பெயரில் இருக்கும் தளத்தில் ஒரு கோப்பைத் தேடிச் சரிபார்க்கும் முறையில் இயங்கும். ஐபி இன்னும் பழைய சர்வரைக் காட்டும்போது அந்தச் சரிபார்ப்பு தோற்கும். ஒன்று, பழைய சர்வரின் சான்றிதழையும் திறவுகோலையும் நகலெடுத்து வையுங்கள்; இல்லையென்றால் `TXT` ரெக்கார்ட் மூலம் சரிபார்க்கும் முறைக்கு மாறுங்கள்.

அறிகுறி: புதிதாகச் சேர்த்த துணைப்பெயர் சிலருக்குக் கிடைக்கவே இல்லை

`shop.example.com` என்று புதிதாக ஒன்று சேர்க்கிறீர்கள். முன்பு இல்லாத பெயர், எனவே யாருடைய கேஷிலும் பழைய பதில் இருக்காது என்று நினைப்பது இயல்பு. ஆனால் "அப்படி ஒரு பெயர் இல்லை" என்ற பதிலும் கேஷில் சேரும். ரெக்கார்டைச் சேர்க்கும் முன்பே யாராவது அந்த முகவரியைத் திறந்து பார்த்திருந்தால், அந்த ரிசால்வர் இல்லை என்பதையே நினைவில் வைத்திருக்கும். "வந்துவிட்டதா?" என்று ஆர்வத்தில் முன்கூட்டியே தட்டிப் பார்ப்பவர்தான் தன் அலுவலகம் முழுவதற்கும் இந்தச் சிக்கலை உண்டாக்குகிறார்.

எத்தனை நேரம் நினைவில் இருக்கும் என்பதை `SOA` ரெக்கார்ட் சொல்லும்:

```
dig example.com SOA +short
ns1.example.net. hostmaster.example.com. 2025030102 7200 3600 1209600 3600
```

கடைசி எண்ணும் `SOA` ரெக்கார்டின் சொந்த டிடிஎல்லும், இரண்டில் எது சிறியதோ அதுதான் கணக்கு. 1998-இல் வந்த `RFC 2308` இப்படி வகுத்தது. இங்கே 3600 என்றால் அதிகபட்சம் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். நகர்த்தும் வாரத்தில் இந்த எண்ணையும் 300 ஆக்கி வைப்பது நல்லது. அதைவிட நல்லது, ரெக்கார்டைச் சேர்த்து, மூல நேம்சர்வரை நேராகக் கேட்டு உறுதிசெய்த பிறகே மற்றவர்களுக்குப் பெயரைச் சொல்வது.

அறிகுறி: டிடிஎல் 300-தான், ஆனால் இரண்டு நாளாகியும் சிலருக்குப் பழையது

நேம்சர்வரையே மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். புதிய ஹோஸ்டிங் நிறுவனம் தன் நேம்சர்வர்களைக் கொடுத்து, டொமைன் பதிவாளரிடம் அதை மாற்றச் சொல்வது வழக்கம். இங்கே உங்கள் டிடிஎல்லுக்கு வேலை இல்லை. எந்த நேம்சர்வரைக் கேட்க வேண்டும் என்ற தகவல் மேலடுக்கில், `.com` சர்வர்களில் இருக்கிறது. அங்கே அதன் டிடிஎல் 172800, முழுதாக இரண்டு நாள். அதை நீங்கள் குறைக்க முடியாது.

```
dig @a.gtld-servers.net example.com NS +norecurse
```

இந்த இரண்டு நாளில் சில ரிசால்வர்கள் பழைய நேம்சர்வரையும் சில புதியதையும் கேட்கும். பழையதில் இன்னும் `192.0.2.10` எழுதியிருந்தால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து கேட்டாலும் பழைய ஐபியைத்தான் புதிதாக வாங்கிக்கொண்டு போகும். டிடிஎல் குறைவாக இருப்பது இங்கே உதவாததன் காரணம் இதுதான். ஆகவே பழைய நேம்சர்வரிலும் உள்ளே போய் ஐபியைப் புதியதாக மாற்றுங்கள். அதோடு பழைய நேம்சர்வரில் இருக்கும் `NS` ரெக்கார்டுகளையும் புதிய பெயர்களுக்கு மாற்ற வேண்டும். சில ரிசால்வர்கள் மேலடுக்கு சொல்வதைவிட நேம்சர்வர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பும். பழையது "நானே பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், இரண்டு நாள் கழிந்தும் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

முடிந்தால் இரண்டு வேலையையும் பிரித்துவிடுங்கள். முதலில் எல்லா ரெக்கார்டுகளையும், அஞ்சலுக்கான `MX`, `TXT` உட்பட, புதிய நேம்சர்வரில் அப்படியே நகலெடுத்து, பழைய ஐபியோடே நேம்சர்வரை மட்டும் மாற்றுங்கள். யார் எந்த நேம்சர்வரைக் கேட்டாலும் ஒரே பதில்; பார்வையாளருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து, டிடிஎல்லைக் குறைத்து, ஐபியை மாற்றலாம்.

நேம்சர்வரை மாற்றியதும் சிலருக்குத் தளமே வராமல், `dig`-இல் `SERVFAIL` என்று வந்தால், அது பெரும்பாலும், டிஎன்எஸ் பதில்களைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் முறையால் வருவது. பழைய நிறுவனத்தின் கையொப்பத்துக்கான `DS` ரெக்கார்ட் பதிவாளரிடம் அப்படியே இருக்க, புதிய நேம்சர்வர் கையொப்பமில்லாத பதிலைக் கொடுக்கிறது. சரிபார்க்கும் ரிசால்வர்கள் அதை மறுக்கும், சரிபார்க்காதவை ஏற்கும். அதனால்தான் சிலருக்கு மட்டும் தளம் வராமல் போகிறது. `dig +cd` என்று சேர்த்துக் கேட்டால் பதில் வருமானால் சந்தேகம் உறுதி. `DS`-ஐ முதலில் நீக்கி, அதன் டிடிஎல் தீரும்வரை காத்திருந்து, பிறகுதான் நேம்சர்வரை மாற்றியிருக்க வேண்டும். `.com`-இல் அந்தக் காத்திருப்பு ஒரு நாள்.

அறிகுறி: தளம் எல்லோருக்கும் திறக்கிறது, ஆனால் சில ஆர்டர்களைக் காணோம்

இதுதான் உண்மையில் இழப்பைத் தரும் சிக்கல், ஏனென்றால் பார்வையாளர் கண்ணுக்குப் பிழை எதுவும் தெரியாது. பழைய ஐபியைக் கேஷில் வைத்திருப்பவர் பழைய சர்வரில் படிவத்தை நிரப்புகிறார், பணம் கட்டுகிறார், அது பழைய தரவுத்தளத்தில் பதிவாகிறது. நீங்கள் புதிய தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டிலும் அடுத்த ஆர்டர் எண் ஒன்றே என்பதால், பிறகு சேர்க்கும்போது எண்களும் மோதும்.

ஆகவே ஐபியை மாற்றும் நேரத்திலிருந்து எழுதப்படும் தரவுத்தளம் ஒன்றாக மட்டுமே இருக்க வேண்டும். பழைய தளத்தைப் பராமரிப்பு நிலையில் நிறுத்தி, தரவுத்தளத்தைக் கடைசியாக ஒருமுறை நகலெடுத்து, புதியதில் ஏற்றுங்கள். பிறகு பழைய சர்வரை வெறும் இடைத்தரகராக ஆக்குங்கள். அதற்கு வரும் கோரிக்கைகள் அனைத்தையும் அது புதிய சர்வருக்குத் தள்ளிவிடட்டும்:

```
location / {
    proxy_pass https://203.0.113.20;
    proxy_ssl_server_name on;
    proxy_ssl_name $host;
    proxy_set_header Host $host;
    proxy_set_header X-Forwarded-For $proxy_add_x_forwarded_for;
}
```

`proxy_pass`-இல் பெயரைப் போடாமல் ஐபியையே போட்டிருப்பதைக் கவனியுங்கள். பெயரைப் போட்டால் பழைய சர்வரின் ரிசால்வரும் பழைய ஐபியை வைத்திருக்கலாம். அப்போது அது கோரிக்கையைத் தனக்கே அனுப்பிக்கொண்டு சுழலும். `which.txt`-க்கு மட்டும் தனி `location` வைத்து, பழைய சர்வரே பதில் சொல்லும்படி விட்டுவிடுங்கள். இல்லையென்றால் எல்லோருக்கும் `new` என்றே வரும். புதிய சர்வரில் வருகிறவரின் ஐபியைப் பார்த்து எண்ணிக்கைக் கட்டுப்பாடு போட்டிருந்தால், பழைய சர்வரின் ஐபிக்கு விலக்குக் கொடுங்கள். பல நூறு பேர் அந்த ஒரு முகவரியிலிருந்து வருவது போலத் தெரிவார்கள்.

இந்த ஏற்பாடு இருந்தால் முதல் அறிகுறியில் சொன்ன 21 மணி நேரமும் யாரையும் பாதிக்காது. சிலருக்குச் சற்று மெதுவாகத் திறக்கும், அவ்வளவுதான். டிடிஎல்லைக் குறைக்க மறந்தவர்களுக்கும் வழி இதுவே.

பழைய சர்வரை எப்போது அணைப்பது? டிடிஎல் கணக்கு சொல்லும் நேரம் முடிந்த பிறகு அதன் அணுகல் பதிவைப் பாருங்கள். முதல் சில நிமிடத்தில் வரத்து செங்குத்தாகச் சரியும், பிறகு பழைய டிடிஎல் தீரும் நேரம் வரை மெல்லக் குறையும். அதன் பிறகும் மிஞ்சுவது பெரும்பாலும் தேடுபொறியல்லாத தானியங்கி நிரல்கள், ஐபியை நேரடியாகத் தட்டுபவை. ஆனால் ஒன்றைத் தனியாகத் தேடிப் பாருங்கள்: பணப் பரிமாற்ற அறிவிப்பு போல வேறொரு சர்வர் உங்களை அழைக்கும் கோரிக்கைகள். நீண்ட நாள் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் சில, தொடங்கும்போது விசாரித்த ஐபியை மறுபடி தொடங்கும்வரை விடுவதில்லை. டிடிஎல் அவற்றைக் கட்டுப்படுத்தாது. அந்த வரிகள் நின்றதை உறுதிசெய்துகொண்டு சர்வரை அணையுங்கள். டிடிஎல்லை 300-லிருந்து 3600-க்கோ அதற்கு மேலோ உயர்த்துவது அதற்கும் பிறகு, ஏனென்றால் உயர்த்திய கணத்திலிருந்து, ஏதாவது தவறிப் பழைய ஐபிக்குத் திரும்ப வேண்டியிருந்தால், அந்தப் புதிய எண்ணுக்காகத்தான் காத்திருக்க வேண்டிவரும்.